மினிமம் டியூ: ஒன்பது ஸ்லைடில் ஒரு பில்லைச் சொல்லித் தருவது

இன்ஸ்டாகிராமில் விரலால் தள்ளித் தள்ளிப் படிக்கும் பட வரிசைக்குக் கேரசல் என்று பெயர். முதலில் பத்துப் படம்தான் அடுக்க முடிந்தது. 2024இல் அது இருபது ஆனது. முதல் சம்பளம் வாங்கும் பிள்ளைகள் பண விஷயத்தை இன்று பெரும்பாலும் இதில்தான் கற்றுக்கொள்கிறார்கள். பஸ்ஸில் நின்றபடி, ஒரு கையில் கம்பியும் மறு கையில் போனுமாக. ஒரு ஸ்லைடில் இருபது, இருபத்தைந்து சொல்லுக்கு மேல் வைத்தால் யாரும் படிப்பதில்லை. அந்த இருபது சொல்லுக்குள் எதை வைப்பது, எதை விடுவது என்பதுதான் இதை எழுதுபவரின் வேலை.

இந்த வகைக் கேரசல்களில் அதிகம் சுற்றுவது ‘சம்பளத்தை 50-30-20 ஆகப் பிரி’ என்பது. அதில் பிழை இல்லை. ஆனால் கையில் 28,000 ரூபாய் சம்பளம் வாங்கி, அதில் 8,000 வீட்டுக்கு அனுப்பி, 7,000 ஹாஸ்டலுக்குக் கட்டும் ஒரு பெண்ணுக்கு அந்த மூன்று எண்களும் பெரிதாக உதவாது. அவளுக்கு வேலை கிடைத்த ஆறாவது மாதத்தில் வங்கியிலிருந்து போன் வரும், கிரெடிட் கார்டு தருகிறோம் என்று. அந்தக் கார்டின் பில்லை எப்படிப் படிப்பது என்று ஒன்பது ஸ்லைடில் சொன்னால் அது அவளுக்கு நேரடியாகப் பயன்படும். பில்லில் அவள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய வரி மினிமம் டியூ. அதை எப்படி எழுதலாம் என்று இங்கே முழுவதுமாகப் போட்டுப் பார்க்கிறேன்.

முதல் ஸ்லைடில் விளக்கம் வேண்டாம். ஒரு கணக்கு மட்டும் போதும்:

ஸ்லைடு 1
பில்: ரூ. 20,000.
கட்டியது: ரூ. 1,000.
அடுத்த பில்: ரூ. 20,445.
புதிதாக எதுவும் வாங்கவில்லை. எப்படி?

‘கிரெடிட் கார்டு ஆபத்து’ என்று தொடங்கினால் கார்டு வைத்திருப்பவர்கள் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். பணம் கட்டிய பிறகும் பில் ஏறியிருக்கிறது என்றால் கொஞ்சம் நிற்பார்கள், ஏனென்றால் அது அவர்களுக்கே நடந்திருக்கும். இந்த எண் கற்பனையில் போட்டதல்ல, கணக்கில் வருவது. எப்படி வருகிறது என்பதை அடுத்த மூன்று ஸ்லைடுகள் காட்ட வேண்டும்.

ஸ்லைடு 2
பில்லில் இரண்டு தொகை இருக்கும்.
Total Amount Due: நீங்கள் தர வேண்டிய முழுப் பணம்.
Minimum Amount Due: தாமதக் கட்டணம் விழாமல் இருக்க இவ்வளவாவது.

பில்லிலும் ஆப்பிலும் எழுதியிருக்கும் அதே ஆங்கிலப் பெயரை ஸ்லைடில் வைப்பது அவசியம். அதைத்தான் அவர்கள் திரையில் தேடப்போகிறார்கள். ‘குறைந்தபட்சத் தொகை’ என்று மட்டும் எழுதினால் எந்த வரி என்று கண்டுபிடிக்க முடியாமல் போகலாம். மினிமம் டியூ பெரும்பாலும் பில் தொகையில் 5 சதவீதம். இஎம்ஐ, வட்டி, வரி இருந்தால் அவை முழுதும் அதன் மேல் சேரும். நம் கணக்கில் முதல் மாதம் வெறும் 5 சதவீதம், அதாவது 1,000 ரூபாய்.

இந்த இரண்டாவது ஸ்லைடில் ஒரு சொல்லை மிகவும் கவனித்து எழுத வேண்டும். ‘இவ்வளவு கட்டினால் போதும்’ என்று எழுதிவிட்டால் படிப்பவர் ‘போதும்’ என்பதை மட்டும் எடுத்துக்கொள்வார். எதற்குப் போதும் என்று சொல்லியாக வேண்டும். தாமதக் கட்டணம் வராமல் இருப்பதற்குப் போதும், தவணை தவறியவர் என்று கடன் அறிக்கையில் ஏறாமல் இருப்பதற்குப் போதும். வட்டி வராமல் இருப்பதற்குப் போதாது.

மூன்றாவது ஸ்லைடு நாள்காட்டி. பலர் எழுதும் கேரசல்களில் இது இருப்பதில்லை. இது இல்லாமல் வட்டி எங்கிருந்து வந்தது என்பது விளங்காது.

ஸ்லைடு 3
ஜூன் 20: போன் வாங்கினாள், ரூ. 20,000.
ஜூலை 15: பில் வந்தது.
ஆகஸ்ட் 4: கட்டக் கடைசி நாள்.
வட்டி எந்தத் தேதியிலிருந்து?

பத்தில் எட்டுப் பேராவது ‘ஆகஸ்ட் 4-லிருந்து’ என்றுதான் நினைப்பார்கள். கடைசி நாள் வரை இலவசம், அதற்குப் பிறகு வட்டி என்பது இயல்பான ஊகம். ஆனால் கார்டின் விதி அப்படியில்லை. கடைசி நாளுக்குள் பில் முழுவதையும் கட்டினால்தான் அந்த 45 நாள் இலவசம். ஒரு பகுதியை விட்டுவைத்தால் அந்தச் சலுகையே போய்விடுகிறது. விட்டுவைத்த தொகைக்கு, பொருள் வாங்கிய ஜூன் 20-லிருந்தே வட்டி எண்ணப்படும். முன்பு வாக்களித்த இலவச நாட்கள் திரும்ப எடுத்துக்கொள்ளப்படுகின்றன. இந்த ஒன்றைப் புரிய வைத்துவிட்டால் மீதிக் கேரசல் தானாக நடக்கும். அதனால் மூன்றாவது ஸ்லைடைக் கேள்வியோடு நிறுத்தி, விடையை அடுத்ததில் வைக்கலாம்.

ஸ்லைடு 4
ஜூன் 20-லிருந்தே.
பாக்கி 19,000 × 56 நாள் = வட்டி ரூ. 1,224.
வட்டிக்கு 18% ஜிஎஸ்டி = ரூ. 220.
கட்டிய ஆயிரத்தை வட்டியே தின்றுவிட்டது.

ஜூன் 20-லிருந்து அடுத்த பில் வரும் ஆகஸ்ட் 15 வரை 56 நாள். வட்டி மாதம் மூன்றரை சதவீதம், ஆண்டுக்கு 42. பல கார்டுகளில் இந்த அளவில்தான் இருக்கிறது, சிலவற்றில் இதைவிடக் கூட. கணக்குப் போடும் வழி இது:

```
வட்டி = பாக்கி × நாட்கள் × 42 ÷ 36500
19000 × 56 × 42 ÷ 36500 = 1224
```

பைசாவை முழு ரூபாயாக்கினால் வட்டியும் ஜிஎஸ்டியும் சேர்ந்து 1,445. அதை 19,000 பாக்கியோடு கூட்டினால் முதல் ஸ்லைடில் சொன்ன 20,445. நாட்களை எண்ணும் முறையால் வங்கிக்கு வங்கி சில ரூபாய் முன்னே பின்னே இருக்கும். ஸ்லைடில் ‘சுமார்’ என்று போட்டு எண்ணை மழுப்புவதைவிட, கணக்கைக் கேரசலுக்குக் கீழே எழுதும் குறிப்பில் கொடுத்துவிடுவது நல்லது. சந்தேகப்படுகிறவர் தன் பில்லை வைத்தே போட்டுப் பார்க்கட்டும்.

ஒரு விஷயத்தில் எழுதுபவருக்கும் கவனம் வேண்டும். கட்டிய 1,000 போக 19,000-க்குத்தான் வட்டி, முழு 20,000-க்கு அல்ல. கட்டாமல் நிற்கும் தொகைக்கு மட்டுமே வட்டி போட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. பழைய வீடியோக்களில் முழு பில்லுக்கும் வட்டி விழும் என்று சொல்வார்கள். அதை அப்படியே எடுத்து எழுதினால் தவறாகிவிடும்.

மூன்றரை சதவீதம் என்று எழுதினால் அது சின்ன எண்ணாகத் தெரியும். தள்ளுபடியில் பத்து சதவீதம், இருபது சதவீதம் என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு மூன்றரை ஒன்றுமில்லை. ஆனால் நம் ஊரில் வட்டியை மாதக் கணக்கில்தான் பேசுவோம். ‘ரெண்டு வட்டிக்கு வாங்கினேன்’ என்று யாராவது சொன்னால் வீட்டில் பெரியவர்கள் முகம் மாறும். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் என்று அவர்களுக்குத் தெரியும், அது அதிகம் என்றும் தெரியும். ஆகவே ஸ்லைடில் ‘இது மூன்றரை வட்டி’ என்று எழுதலாம். 42 சதவீதம் என்று எழுதுவதைவிட அது சட்டென்று உறைக்கும். படிக்கும் பிள்ளை அதை அம்மாவிடம் வாய்விட்டுச் சொன்னாலே போதும், அம்மா மீதியைச் சொல்லிவிடுவார்.

இவ்வளவு வட்டி சட்டப்படி சரியா என்று யாராவது நிச்சயம் கேட்பார்கள். கார்டுப் பாக்கிக்கு ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது நியாயமற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் சொன்னது. உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது. ஆகவே 30 என்ற உச்சவரம்பு இன்று இல்லை. இதற்குத் தனி ஸ்லைடு தேவையில்லை.

ஸ்லைடு 5
பாக்கி நிற்கும்போது கார்டைத் தேய்த்தால்?
புதிதாக வாங்கியதற்கு இலவச நாட்களே கிடையாது.
ரூ. 3,000 மளிகைக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி.

இதைத்தான் பலர் கடைசி வரை கண்டுபிடிப்பதே இல்லை. போனுக்கு மட்டும்தான் வட்டி, மளிகையை அடுத்த மாதம் கட்டிவிடலாம் என்று நினைத்துக் கார்டைப் பயன்படுத்திக்கொண்டே இருப்பார்கள். 3,000 ரூபாய்க்கு 30 நாள் வட்டியும் ஜிஎஸ்டியும் 122 ரூபாய். தொகை பெரிதல்ல. ஆனால் பில்லில் எந்த வட்டி எந்தப் பொருளுக்கு என்று பிரித்துப் பார்க்க முடியாதபடி எல்லாம் கலந்துவிடும், அதோடு பாக்கி குறைவதும் நின்றுவிடும். ஏடிஎம்மில் கார்டைப் போட்டுப் பணம் எடுத்தால், பாக்கி இருந்தாலும் இல்லாவிட்டாலும், எடுத்த நாளிலிருந்தே வட்டி. எடுத்ததற்குத் தனிக் கட்டணமும் உண்டு.

ஆறாவது ஸ்லைடில் நீண்ட காலத்தைக் காட்ட வேண்டும். முதல் மாதம் மினிமம் டியூ 1,000 என்பதால் எப்போதும் ஆயிரம்தான் என்று எண்ணத் தோன்றும். அப்படி இருக்காது. மினிமம் கட்டியும் கடன் ஏறிக்கொண்டே போகும்படி விதிகள் அமையக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. அதனால் இரண்டாவது பில்லிலிருந்து வட்டியும் ஜிஎஸ்டியும் முழுதாக மினிமத்துக்குள் வந்துவிடும். நம் கணக்கில் ஆகஸ்ட் பில்லின் மினிமம், 19,000-இல் 5 சதவீதமான 950-உம் அந்த 1,445-உம் சேர்ந்து 2,395. ஆயிரம் கட்டத் தயாராக இருந்தவளுக்கு இது அதிர்ச்சி. அந்த 2,395-ஐக் கட்டினாலும் அசலில் குறைவது 950 மட்டும்தான்.

ஸ்லைடு 6
மாதா மாதம் மினிமம் மட்டும் கட்டினால்:
போன் பாக்கி ரூ. 1,000-க்கு இறங்க 4 ஆண்டு 9 மாதம்.
வட்டியும் வரியும் மட்டும் ஏறத்தாழ ரூ. 15,000.

இதை எப்படிப் போட்டேன் என்றால், மாதம்தோறும் அசலில் 5 சதவீதம் குறைகிறது, மீதி அசலுக்கு வட்டியும் ஜிஎஸ்டியும் சேர்ந்து மாதம் 4.13 சதவீதம். அசல் குறையக் குறைய, 5 சதவீதமும் சிறுத்துக்கொண்டே போவதால்தான் இவ்வளவு இழுக்கிறது. அந்த நாலே முக்கால் ஆண்டிலும் கார்டில் வேறு எதையும் வாங்கவில்லை என்று வைத்துக்கொண்ட கணக்கு இது. நிஜத்தில் அப்படி யாரும் இருப்பதில்லை. அதற்குள் அந்தப் போனே பழையதாகி மாற்றப்பட்டிருக்கும்.

பல கேரசல்கள் இந்த இடத்தில் முடிந்து, ‘மினிமம் டியூ கட்டவே கட்டாதீர்கள்’ என்று பெரிய எழுத்தில் போட்டுவிடும். நான் அதை எழுத மாட்டேன். அந்த வரியைப் படித்த ஒருவர், கையில் முழுப் பணம் இல்லாத மாதத்தில், ஒன்றுமே கட்டாமல் விட்டுவிடக் கூடும். அது இன்னும் கேடு. வட்டி அதே வட்டி, அதோடு தாமதக் கட்டணம், அதற்கும் ஜிஎஸ்டி. கடன் அறிக்கையில் தவறியதாகப் பதிவாகி, பின்னாளில் பைக் கடனோ வீட்டுக் கடனோ கேட்கும்போது அது வந்து நிற்கும்.

ஸ்லைடு 7
முழுப் பணம் இல்லையா?
மினிமமாவது கட்டுங்கள்.
அதற்கு மேல் முடிந்ததையும் சேர்த்துக் கட்டுங்கள்.
கார்டை எடுத்து வையுங்கள்.

மினிமத்துக்கும் முழுத் தொகைக்கும் நடுவே எந்தத் தொகையையும் கட்டலாம் என்பதே சிலருக்குத் தெரிவதில்லை. ஆப்பில் இரண்டு பொத்தான் பெரிதாகத் தெரியும், மூன்றாவதாக வேறு தொகை போடும் பெட்டி சிறியதாக இருக்கும். அவள் ஆகஸ்ட் 4-இல் ஆயிரத்துக்குப் பதில் 8,000 கட்டியிருந்தால் வட்டி 12,000-க்கு மட்டும்தான். கடைசி நாளை மறந்துவிட்டாலும் பதற வேண்டாம். கடைசி நாளிலிருந்து மூன்று நாளுக்கு மேல் கட்டாமல் போனால்தான் தாமதக் கட்டணமும் அறிக்கையில் பதிவும் என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. வட்டிக்கு மட்டும் அந்த மூன்று நாள் சலுகை உதவாது.

எட்டாவது ஸ்லைடு வெளியே வரும் வழி. இதில் நேரம்தான் முக்கியம். முழுதாகக் கட்ட முடியாது என்று பில் வந்த அன்றே தெரிந்துவிட்டால், கடைசி நாளுக்கு முன்பே அந்தத் தொகையை இஎம்ஐ ஆக மாற்றச் சொல்லலாம். ஆப்பிலேயே பெரும்பாலும் வசதி உண்டு. ஆண்டுக்கு 16 சதவீதம், 12 தவணை என்று வைத்தால், 20,000-க்கு மாதத் தவணை 1,815. ஓராண்டில் வட்டி 1,775, கார்டு இஎம்ஐ என்பதால் அந்த வட்டிக்கு ஜிஎஸ்டி 320. ஆக மொத்தம் 2,100 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. மாற்றுவதற்கு ஒரு கட்டணம் தனி. மினிமம் கட்டும் வழியில் 15,000 போகிறது என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

ஸ்லைடு 8
முடியாது என்று தெரிந்தால், கடைசி நாளுக்கு முன்பே இஎம்ஐ ஆக்குங்கள்.
20,000-க்கு ஓராண்டு வட்டியும் வரியும்: ரூ. 2,100.
மினிமம் வழியில்: ரூ. 15,000.

ஏற்கனவே கடைசி நாள் தாண்டி வட்டி ஓடிக்கொண்டிருப்பவர்களுக்கு, வங்கியில் நகைக்கடன் வாங்கியாவது கார்டை முழுதாகக் கட்டிவிடுவது லாபம், ஏனென்றால் அந்த வட்டி இதில் ஒரு பங்குதான். இஎம்ஐ எடுப்பவர் இடையில் முழுதாக அடைக்க நினைத்தால் அதற்கும் சில வங்கிகள் கட்டணம் வாங்குகின்றன என்பதைக் குறிப்பில் சொல்லிவிடலாம்.

ஸ்லைடில் அடங்காத, ஆனால் குறிப்பில் இருந்தே ஆக வேண்டிய ஒன்று உண்டு. அவள் ஆகஸ்ட் பில்லான 20,445-ஐச் செப்டம்பர் 4-இல் முழுதாகக் கட்டிவிடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். நிம்மதியாக இருப்பாள். செப்டம்பர் 15-இல் மறுபடி ஒரு பில் வரும், சுமார் 516 ரூபாய்க்கு. வங்கி ஏமாற்றுகிறது என்று தோன்றும். ஆகஸ்ட் 15-இல் பில் போட்டதற்கும் செப்டம்பர் 4-இல் அவள் கட்டியதற்கும் நடுவே 20 நாள் 19,000 பாக்கியாகவே இருந்தது. அந்த 20 நாளுக்கு வட்டி 437, ஜிஎஸ்டி 79. இதைச் சின்னத் தொகை என்று கோபத்தில் கட்டாமல் விடுபவர்கள்தான் மறுபடி சிக்கிக்கொள்கிறார்கள், ஏனென்றால் இலவச நாட்கள் திரும்பக் கிடைக்க இந்தத் தொகையும் தீர வேண்டும். இதைக் கட்டியதும் கணக்கு சுத்தமாகிவிடும்.

கடைசி ஸ்லைடு, படித்து முடித்தவுடனே போனில் செய்யக்கூடிய ஒரு வேலையைச் சொல்ல வேண்டும். வங்கிக் கணக்கிலிருந்து பில் தானாகக் கழியும்படி பலர் வைத்திருப்பார்கள். அதைத் தொடங்கும்போது முழுத் தொகையா, மினிமமா என்று கேட்கும். மினிமத்தை அவசரத்தில் தட்டிவிட்டவர்கள், பில் ஒழுங்காகப் போய்க்கொண்டிருப்பதாகவே நம்பிக்கொண்டிருப்பார்கள்.

ஸ்லைடு 9
இப்போதே ஆப்பைத் திறங்கள்.
Autopay → Total Amount Due தேர்வாகி இருக்கிறதா?
கடைசி நாள் சம்பள நாளுக்குப் பிறகு வருகிறதா?
இல்லையென்றால் மாற்றுங்கள்.

இரண்டாவது கேள்விக்கு ஒரு காரணம் இருக்கிறது. சம்பளம் ஒன்றாம் தேதி வரும், கடைசி நாள் இருபத்தெட்டாக இருந்தால் அந்த நேரத்தில் கணக்கில் பணம் இருக்காது. பில் போடும் தேதியை மாற்றிக்கொள்ள ஒரு முறையாவது வாய்ப்புத் தர வேண்டும் என்று கார்டு தரும் வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருக்கிறது. ஆப்பில் இல்லையென்றால் வாடிக்கையாளர் சேவைக்குப் பேசி மாற்றலாம். நம் உதாரணத்தில் பில் 15-ஆம் தேதி, கடைசி நாள் 4-ஆம் தேதி என்று வைத்ததும் இதனால்தான்.

வெளியிடுவதற்கு முன் இந்த ஒன்பதையும் கார்டு வாங்கி ஓராண்டுகூட ஆகாத ஒருவரிடம் காட்டி, ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: 20,000 பில்லுக்குக் கடைசி நாளன்று 19,500 கட்டினால் வட்டி உண்டா? ‘இல்லை’ என்றால் மூன்றாவது ஸ்லைடு சரியாக வரவில்லை, திரும்ப எழுத வேண்டும். ‘உண்டு, விட்டுப்போன 500-க்கு, வாங்கிய நாளிலிருந்து, அதோடு அடுத்து வாங்குவதற்கும்’ என்றால் வெளியிடலாம். எண்களை மட்டும் அவரவர் கார்டின் வட்டி விகிதத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். கார்டோடு வந்த MITC என்ற தாளில் அந்த விகிதம் இருக்கும், வங்கியின் இணையதளத்திலும் கிடைக்கும்.